நூறு ரூபாய் லாபத்தில் கையில் நின்றது எவ்வளவு?

காட்பாடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, ஒரு பங்கை 300 ரூபாய் வீதம் பத்து வாங்கினார். சில வாரம் கழித்து 310-க்கு விற்றார். லாபம் நூறு ரூபாய் வர வேண்டும். கணக்கில் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "எல்லாம் கவர்மென்ட் வரியிலேயே போயிடுது தம்பி" என்றார். வாங்கிய நாள், விற்ற நாள் இரண்டுக்கும் புரோக்கர் அனுப்பும் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பார்த்தால், பணம் போன இடம் வேறு.

வாங்கிய நாளின் நோட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப் பங்கின் விலை 3,000 ரூபாய். அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்வதை டெலிவரி என்பார்கள்; அதற்கு அவருடைய புரோக்கர் அரை சதவீதம் புரோக்கரேஜ் வாங்குகிறார். ஆனால் ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 20 ரூபாய் என்று நிபந்தனை இருக்கிறது. அரை சதவீதம் என்றால் 15 ரூபாய்தான். நிபந்தனையால் 20 ஆகிவிட்டது. பங்கு பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. 0.1 சதவீதம், அதாவது 3 ரூபாய். பங்குச் சந்தைக்கான கட்டணம் லட்சத்துக்கு ஏறத்தாழ 3 ரூபாய் என்பதால் இங்கே 9 காசு. சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கட்டணம் கோடிக்கு 10 ரூபாய். ஒரு காசுகூடத் தேறாது. முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 45 காசு. 2020 ஜூலையிலிருந்து வாங்குபவரிடம் மட்டுமே இது பிடிக்கப்படுகிறது. வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்குப் போகும் பணம் என்பதால், புரோக்கர் மும்பையில் இருந்தாலும் அந்த 45 காசு தமிழ்நாட்டுக்குத்தான் வரும்.

கடைசியாக ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இதை மொத்தத் தொகைக்குப் போடுவதில்லை. புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின் மேல் மட்டுமே வரும்; எஸ்.டி.டி.க்கும் முத்திரைத் தீர்வைக்கும் கிடையாது. ஆக 3 ரூபாய் 62 காசு. எல்லாம் சேர்த்து வாங்கிய நாளில் 27 ரூபாய் 16 காசு.

விற்ற நாளிலும் இதே கதைதான். முத்திரைத் தீர்வை மட்டும் இல்லை. எஸ்.டி.டி. முழு ரூபாயாக்கப்படுவதால் 3.10 என்பது 3 ஆகிறது. மொத்தம் 26 ரூபாய் 71 காசு. இரண்டு நோட்டும் சேர்த்து 53.87. இதில் புரோக்கரேஜ் மட்டும் 40 ரூபாய், அதற்கான ஜி.எஸ்.டி. 7.20. எஸ்.டி.டி.யும் முத்திரைத் தீர்வையும் கூட்டினால் 6.45தான். அக்காவின் லாபத்தைத் தின்றது அந்தக் "குறைந்தது 20" என்ற நிபந்தனை.

இந்தப் புரோக்கரிடம் 4,000 ரூபாய்க்குக் கீழே ஆர்டர் போட்டால் அரை சதவீதம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. ஆயிரம் ரூபாய் ஆர்டரில் 20 என்பது இரண்டு சதவீதம். பொதுவாகப் புரோக்கரேஜ் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. 500 ரூபாய் ஆர்டருக்கு 20 பிடித்திருந்தால் அது 4 சதவீதம். தயங்காமல் கேட்க வேண்டும்.

சரி, நூறில் 53.87 போனால் 46.13 இருக்க வேண்டுமே? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விற்ற பங்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து வெளியே போவதற்கு டி.பி. சார்ஜ் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்காது. புரோக்கரிடம் இருக்கும் நம் வரவு செலவுக் கணக்கான லெட்ஜரில்தான் பற்று வைக்கப்பட்டிருக்கும். அக்காவுக்கு 15 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 17.70. மிச்சம் 28.43. பல புரோக்கர்கள் இதை ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை என்றுதான் பிடிக்கிறார்கள். அப்படியானால் பத்து பங்கை ஐந்து நாளில் இரண்டிரண்டாக விற்றால் ஐந்து முறை கட்ட வேண்டிவரும்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் லெட்ஜரில்தான் தெரியும். அக்காவுக்கு 300 ரூபாய், ஜி.எஸ்.டி.யுடன் 354. இதை ஈடுகட்ட இதே மாதிரி பதின்மூன்று வியாபாரம் லாபத்தில் முடிய வேண்டும். இத்தனைக்கும் அவர் இதைக் கட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. 2024 செப்டம்பர் முதல், பி.எஸ்.டி.ஏ. எனும் அடிப்படை டீமேட் கணக்கில் இருப்பின் மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை அதிகபட்சம் 100 ரூபாய்.

ஆனால் ஒரு நிபந்தனை: தனிப் பெயரிலோ முதல் பெயரிலோ அந்த ஒரே டீமேட்தான் இருக்க வேண்டும். குடியாத்தத்தில் இருக்கும் தம்பி மகன் சொன்னான் என்று இன்னொரு செயலியில் அக்கா எப்போதோ ஒரு கணக்கு திறந்து, அப்படியே விட்டிருந்தார். அதனால் சலுகை கிடைக்கவில்லை. பான் எண்ணை வைத்து, டீமேட் பங்குகளைப் பராமரிக்கும் அமைப்பான டெபாசிட்டரி அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைப் பார்த்தால் தன் பெயரில் எத்தனை டீமேட் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பயன்படுத்தாத கணக்கை மூடுவதற்குக் கட்டணம் இல்லை. மூடிய பிறகு, இருக்கும் கணக்கைப் பி.எஸ்.டி.ஏ.வாக மாற்றும்படி புரோக்கருக்கு எழுதிக் கேட்கலாம்.