ஓவர்லே: மேலடுக்கு

கேம் ஆடுவதை நேரலையில் காட்டும்போது ஆட்டத்தின் மீது தெரியும் சாட், நன்கொடை அறிவிப்பு, பெயர்ப்பட்டை இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஓவர்லே என்று பெயர். 'மேலே' எனும் பொருளுள்ள ஓவர், 'இடு, கிடத்து' எனும் பொருளுள்ள லே ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்தது இது. பழைய அச்சுக்கூடங்களில் அழுத்தம் குறைவாக விழும் இடத்தைச் சரிசெய்ய ஒட்டிய தாள் துண்டும் ஓவர்லேதான்; வரைபடத்தின் மேல் விரிக்கும் ஒளிபுகும் தாளும் அதுவே.

தமிழில் மேலடுக்கு என்பதே பொருத்தம். மேலுறை என்றால் உள்ளிருப்பதை மூடிவிடும் பொருள் வந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனில் அடுக்கு என்பதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது என்ற பொருள் உண்டு. இங்கே நடப்பதும் அதுதான்: கீழடுக்கு ஆட்டம், மேலடுக்கு எழுத்து.

சிக்கல் வருவது கீழடுக்கு ஓயாமல் மாறுவதால். இருண்ட குகையில் பளிச்சென்று தெரிந்த வெள்ளை எழுத்து, பனிநிலம் வந்ததும் காணாமல் போகும். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வைத்தால் போதும், ஆனால் எவ்வளவு அடர்த்தி? சிறிய எழுத்துக்கு ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 மடங்கு வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. வெண்பனி மீது 50 விழுக்காடு கறுப்புக்கு ஏறக்குறைய 4 மடங்குதான் கிடைக்கும். 60 விழுக்காட்டில் 5.7 ஆகிவிடும். நேரலை விட உதவும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் சாட்டுக்கான பிரவுசர் சோர்ஸின் கஸ்டம் சிஎஸ்எஸ் பெட்டியில் இதை இடலாம்:

```css
body {
  font: 600 32px/1.5 "Noto Sans Tamil", sans-serif;
  color: #fff;
  background: rgba(0,0,0,0.6);
  text-shadow: 0 0 4px #000;
}
```

அந்த எழுத்துரு நேரலை விடும் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அல்லது தீமில் உள்ள ஆங்கில எழுத்துருவில் தமிழே இல்லாவிட்டால், கணினி வேறொன்றை எடுத்துப் போட்டுவிடும். அளவும் தடிமனும் மாறி நிற்கும். வரி உயரம் 1.5 வைத்திருப்பது 'கீ'யின் மேல்சுழியும் அடுத்த வரியின் 'கூ'வும் முட்டாமலிருக்க. தடித்த விளிம்புக்கோடு வேண்டாம். கோடு எழுத்தின் உட்பக்கமும் பாதி ஏறுவதால் 'ண', 'ஞ' சுழிகள் அடைபட்டுப் போகும், புள்ளியும் கரைந்துவிடும். மென்நிழல் அந்தத் தொல்லை தராது.

அறிவிப்பில் பெயரைச் சிவப்பில் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேற்சொன்ன பனிப் பட்டையில் தூய சிவப்பு `#FF0000` வெறும் 1.4 மடங்கு; மஞ்சள் `#FFFF00` 5.3. போதாக்குறைக்கு, நேரலைக் காணொளி ஒளியை முழு நுணுக்கத்திலும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்திலும் அனுப்புகிறது. அதனால் நிறத்தை மட்டும் நம்பிய எழுத்தின் ஓரம் மசமசவென்றாகும்.

32 பிக்சல் பெரிதாகத் தோன்றலாம். தாம்பரம் மின்சார ரயிலில் போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு 1080 வரிக் காணொளியின் உயரம் சுமார் 4 செ.மீ.தான், அதில் இந்த எழுத்துக்குக் கிடைப்பது 1.2 மி.மீ. ஆட்டத்தின் மிக வெளிச்சமான காட்சியில் நிறுத்தி, அதே போனில், கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் சாட் படிக்க முடிந்தால் மேலடுக்கு சரியாக அமைந்திருக்கிறது.