மலிவு டயரா, விலை கூடிய டயரா: கிலோமீட்டர் கணக்கு போட்டுப் பார்ப்போம்

டயர் வாங்கப் போனால் இரண்டு விலை சொல்வார்கள். ஒன்று கைக்கு அடக்கமாக இருக்கும், இன்னொன்று அதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். விலை கூடினது நிறைய நாள் உழைக்கும் என்பார் கடைக்காரர். எத்தனை கிலோமீட்டர் கூடுதலாக உழைக்கும் என்று கேட்டால் சரியான பதில் வராது. அது ஓட்டுகிறவரையும் வண்டியையும் சாலையையும் பொறுத்தது என்பதால் அவரால் சொல்லவும் முடியாது. ஆனால் உங்கள் வண்டியில் அது எவ்வளவு என்பதை நீங்களே அளந்துவிடலாம், அதற்கு டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ஒரு டெப்த் கேஜும் ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் பணத்தை எதில் எண்ணுவது என்று முடிவு செய்துகொள்வோம். நான் லிட்டரில் எண்ணுகிறேன். ஒரு டயரின் விலைக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாமோ, அதுதான் அதன் விலை. இதில் ஒரு வசதி இருக்கிறது, பின்னால் எரிபொருள் செலவையும் இதே கணக்கில் சேர்க்கும்போது எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

என் காரில் அடுத்தடுத்து ஓடிய இரண்டு செட்டை எடுத்துக்கொள்கிறேன். மலிவு டயர் ஒன்று 40 லிட்டர், விலை கூடினது 65 லிட்டர். மாட்டுக்கூலி, பேலன்சிங், புது வால்வு எல்லாம் டயருக்கு 3 லிட்டர், இதை நிறைய பேர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சீக்கிரம் தேய்கிற டயருக்கு இந்தக் கூலியை அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆக நான்கு டயருக்கு மலிவு செட் 172 லிட்டர், மற்றது 272 லிட்டர். இதை ஓடும் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். சிரமமெல்லாம் கீழே இருக்கும் எண்ணில்தான்.

அந்தக் கீழ் எண் டயர் பட்டனின், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளின், ஆழத்திலிருந்து வருகிறது. புதுக் கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளத்துக்கு அடியில் ஆங்காங்கே குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும், அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, பல நாடுகளில் சட்டத்தின் எல்லையும் இதேதான். அப்படியென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது 8 மில்லிமீட்டரை அல்ல, நடுவில் இருக்கும் 6.4 மில்லிமீட்டரைத்தான். எல்லா டயரும் 8-இல் தொடங்குவதும் இல்லை, சில டயர்கள் லேசாக உருளட்டும் என்றே ஆழம் குறைத்து வார்க்கப்படுகின்றன. அதனால் மாட்டுவதற்கு முன்பே கேஜை வைத்துப் பார்த்து, ஓடோமீட்டர் எண்ணோடு சேர்த்து எழுதி வைத்துவிடுங்கள்.

அளக்கும்போது கேஜின் ஊசியை அந்த மேட்டின் மேல் வைத்துவிடாமல் பள்ளத்தின் அடியிலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் 1.6 குறைவாகக் காட்டும். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் அந்த டயரின் ஆழம், ஏனென்றால் டயரைக் கழற்ற வைக்கப் போவது அந்த இடம்தான்.

இந்த இடத்தில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். முன்னால் வைத்திருந்த வண்டியில் ஒரு மலிவு செட் இருபதாயிரம் கிலோமீட்டரிலேயே முடிந்துவிட்டது, மட்டமான டயர் என்று நானே நான்கு பேரிடம் சொல்லியும் விட்டேன். கழற்றிப் போட்ட பிறகு பார்த்தால் முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தது, வெளிப்பக்கம் பாதி பட்டன் அப்படியே இருந்தது. உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே தேய்த்தபோது ஒரு பக்கம் வழவழவென்று போனது, திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி தட்டியது. அலைன்மென்ட்டில் டோ கோணம் தப்பியிருந்தால் இப்படித்தான் இருக்கும். சக்கரம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கமாகத் திரும்பியபடி உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. தப்பு டயரில் இல்லை, அதே இடத்தில் விலை கூடின டயரைப் போட்டிருந்தாலும் அதுவும் கெட்டுத்தான் போயிருக்கும். காற்று குறைவாக ஓட்டினால் இரண்டு ஓரமும், அதிகமாக அடித்தால் நடுப்பகுதியும் முதலில் தேயும். மூன்று இடத்தின் அளவும் ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தால்தான் டயரைப் பற்றி உங்கள் கணக்கு ஏதாவது சொல்லும், இல்லையென்றால் அது உங்கள் அலைன்மென்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் அளவை 2,000 கிலோமீட்டரில் எடுத்தேன், அடுத்ததை 12,000-இல். புது டயரின் பட்டன் உயரமாக இருப்பதால் தரையில் படும்போது அதிகம் நெளிகிறது, அதனால் ஆரம்பத்தில் வேகமாகத் தேயும், உயரம் குறையக் குறைய தேய்மானமும் நிதானப்படும். முதல் இரண்டாயிரத்தை வைத்து ஆயுளைக் கணக்குப் போட்டால் எந்த டயரும் மோசமாகத்தான் தெரியும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர்கள் பின் டயர்களைவிட ரொம்ப வேகமாகத் தேயும் என்பதால், முன்னும் பின்னும் முறையாக மாற்றிப் போட்டு, நான்கின் சராசரியை எடுத்தேன்.

மலிவு செட்: 2,000-இல் 7.6, 12,000-இல் 6.0. பத்தாயிரத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போயிருக்கிறது. 6.0-இலிருந்து 1.6 வரை இன்னும் 4.4 மிச்சம், அது 27,500 கிலோமீட்டருக்கு வரும். மொத்தம் 39,500. விலை கூடின செட்: 2,000-இல் அதே 7.6, 12,000-இல் 6.4. பத்தாயிரத்துக்கு 1.2 போகிறது, மிச்சமுள்ள 4.8 இன்னும் 40,000 ஓடும். மொத்தம் 52,000.

இப்போது வகுத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மலிவு செட்டின் செலவு 172-ஐ 39.5-ஆல் வகுத்து 4.35 லிட்டர். விலை கூடினதற்கு 272-ஐ 52-ஆல் வகுத்து 5.23. முப்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக ஓடியும், விலை ஐம்பத்தெட்டு சதவீதம் அதிகம் என்பதால் மலிவு டயர்தான் ஜெயிக்கிறது. பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

நிறுத்தக் கூடாது, ஏனென்றால் டயர் பெட்ரோலையும் குடிக்கிறது. உருளும்போது டயர் தரையில் படும் இடத்தில் அமுங்கி, திரும்ப நிமிர்கிறது. ரப்பர் அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராது, ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்ளும். இதுதான் உருளும் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் எரிபொருளுக்கு ஏ முதல் இ வரை எழுத்து கொடுத்திருப்பார்களே, அது இந்தத் தடையின் அளவுதான். கார் டயரில் சி வகுப்பு என்றால் ஒரு டன் எடைக்கு 7.8 முதல் 9.0 கிலோ விசை, டி என்றால் 9.1 முதல் 10.5 வரை.

என் மலிவு செட் டி, மற்றது சி. இரண்டுக்கும் நடுவில் டன்னுக்கு 1.5 கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு வண்டி 1.4 டன், அப்படியானால் 2.1 கிலோ விசை. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 2.1 கிலோ மூட்டை ஒன்றை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம் அது! ஆயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 20.6 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது, இன்ஜின் அதில் முப்பது சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு வருகிறது என்று கொண்டால் 9.6 மெகாஜூல். ஆக, மலிவு டயர் ஆயிரம் கிலோமீட்டருக்கு 2.1 லிட்டர் கூடுதலாகக் குடிக்கிறது.

4.35-ஓடு 2.1 சேர்த்தால் 6.45, எதிரே 5.23. ஆட்டம் மாறிவிட்டது. அதுவும் விலை கூடிய பெயரால் மாறவில்லை, லேபிளில் இருக்கும் ஒரு எழுத்தால் மாறியது. இரண்டு டயருக்கும் உருளும் தடை ஒன்றாகவே இருந்திருந்தால் மலிவு டயரே ஜெயித்திருக்கும்.

இந்த வித்தியாசத்தை மைலேஜ் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும், அதை நம்ப வேண்டாம். தேய்ந்த டயரில் நெளிய ரப்பர் குறைவு, அதனால் தடையும் குறைவு. அப்புறம், ஆரம் சுமார் 300 மில்லிமீட்டர் இருக்கும் சக்கரத்தில் 6.4 தேய்ந்தால் சுற்றளவு 2 சதவீதம் குறைகிறது, அந்த அளவுக்கு ஓடோமீட்டர் கூட்டிக் காட்டும். இந்த இரண்டும் சேர்ந்து பழைய டயரை நல்ல டயராகக் காட்டும், புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்தது என்று வருகிற புகார்களில் நிறைய இதனால் வருவதுதான்.

கணக்கு இன்னொரு இடத்திலும் திரும்பும். நான் 1.6 வரை ஓட்டுவதில்லை, மழையில் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ள அந்த ஆழம் போதாது என்பதால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். அப்போது மலிவு செட் சுமார் 30,750 கிலோமீட்டரும் மற்றது 40,300-உம் ஓடும், எரிபொருளோடு சேர்த்தால் 7.7-க்கு 6.75. வரிசை மாறவில்லை, ஆனால் இரண்டு செலவும் ஏறிவிட்டது. ஒரு டயரை 3-இலும் இன்னொன்றை மொட்டையாகும் வரையும் ஓட்டிவிட்டு ஒப்பிட்டால் மட்டும் ஒன்றும் தெரியாது.

வண்டியை அதிகம் எடுக்காதவர்களுக்கு வேறு எல்லை இருக்கிறது. ரப்பர் நின்ற இடத்திலேயே இறுகி வெடிப்பு விடும். டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் வருடமும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஏழு வருடத்தில் மாற்றிவிடுவார் என்றால், 52,000 உழைக்கக்கூடிய டயரும் 42,000-இல் குப்பைக்குப் போகும், மிச்ச 10,000-க்கும் காசு கொடுத்தாகிவிட்டது. 1.6 வரை ஓட்டுவதாக வைத்தே பார்த்தால் 272-ஐ 42-ஆல் வகுத்து 6.48. மலிவு செட் அதற்கு முன்பே தேய்ந்து முடிவதால் அதே 6.45-இல் நிற்கும். இரண்டும் ஒன்றுதான்.

அப்படிச் சமமாக வந்து நிற்கும்போது நான் அதே லேபிளில் ஈரச் சாலைப் பிடிமானத்துக்கான எழுத்தைப் பார்க்கிறேன், ஏனென்றால் மேலே போட்ட எந்த வகுத்தலிலும் பிரேக் தூரம் வரவே இல்லை. ரப்பரை இறுக்கமாக வார்த்து ஆயுளைக் கூட்டுவது சுலபம், அப்படிப்பட்ட டயர் கிலோமீட்டர் கணக்கில் பிரமாதமாக இருந்துவிட்டு நனைந்த ரோட்டில் வழுக்கும். ஈரத்துக்கு டி எழுத்து வாங்கிய டயரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மிச்சம் என்பதற்காக நான் வாங்க மாட்டேன்.