நாற்காலியில் தூக்கிப் போன கதையும் நாலாயிரம் ரூபாயும்

கட்டட, வடிகான் வேலைகளுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். மூன்று பக்க மதிப்பீட்டைக் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் விரித்தால் என்ன நடக்கும் தெரியுமா? எல்லாரும் மணல் விலையைப் பிடித்துக்கொள்வார்கள், "என்ர மச்சான் இதைவிடக் குறைவா செய்வான்" என்பார் ஒருவர், விஷயம் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போய்விடும். அதற்குள் மாரி வந்துவிடும். அதனால் இந்த முறை மதிப்பீட்டுக்குப் பதில் ஒரு கதையை முன்னே வைத்தோம்.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கை. காணி பிரித்து விற்றபோது போட்டது, சபைக்குக் கையளிக்கப்படவில்லை, ஆகவே வடிகானைத் துப்புரவாக்கி உடைந்த சிலாப்புகளை மாற்றுவது 24 வீட்டாரின் பாடு. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை கொட்டும்போது தண்ணீர் முழுக்க ஒழுங்கை வாசலில்தான் தேங்கும், அங்கேதான் பள்ளம். மேட்டில் இருக்கிறவர்கள் ஆண்டாண்டாகச் சொல்வது ஒன்றே: "எங்கட வளவுக்குள்ள ஒரு சொட்டும் நிக்கிறேல்ல, நாங்க ஏன் குடுக்க வேணும்?"

இதற்குக் காசு கேட்கும் கூட்டத்தில் சங்கத் தலைவர் பள்ளத்து வீட்டு அக்காவைப் பேச வைக்க நினைத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டியைக் கல்லு வைத்து உயர்த்திய கதை, பாவமான கதைதான். வேண்டாம் என்றேன். அவர் வீட்டு வெள்ளத்தைக் கேட்டால் மேட்டு வீட்டார் இரங்குவார்கள், அப்புறம் "அப்ப பள்ளத்து வீடுகள் கூடக் குடுக்கட்டும்" என்றுதான் முடிப்பார்கள். செலவை எப்படிப் பங்கிடுவது என்பதையும் நாம் சொல்லும் கதையே தீர்மானித்துவிடுகிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. மேட்டிலிருந்து ஒரு கதை வேண்டும். விசாரித்ததில் கிடைத்தது: போன மாரியில் மேல்கோடி வீட்டு ஆச்சிக்கு இரவில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. மகனிடம் முன்கூட்டியே போய், அம்மாவிடமும் கேட்டுவிட்டு, சொல்லச் சம்மதமா என்று கேட்டோம்.

கூட்டத்தை ஆவணியில் வைத்தார்கள். ஒழுங்கை காய்ந்து கிடக்கும் காலம், வெள்ளம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுதி வாசிக்க வேண்டாம், நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்லுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். அவர் எழுந்து சொன்னார்: "1990க்கு அடிச்சன். அம்புலன்ஸ் வந்திட்டுது, ஆனா வாசல்ல முழங்கால் தண்ணி, உள்ளுக்க வரேலாது எண்டாங்கள். அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில இருத்தி நாலு பேர் தூக்கினம். இருட்டு. சிலாப் இல்லாத இடம் தெரியேல்ல, முன்னுக்குப் பிடிச்சவர் வடிகானுக்க கால் வச்சிட்டார், கதிரை சரிஞ்சுது. அம்மா என்ர சட்டையைப் பிடிச்ச பிடி இப்பவும் தெரியுது." அம்புலன்ஸ் கதவோடு நிறுத்திக்கொண்டார். ஆச்சி சுகமாகி அங்கேயே முன்வரிசையில் இருந்தார், அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்.

இந்தக் கதையில் குற்றவாளி இல்லை என்பதைக் கவனியுங்கள். வடிகானுக்குள் குப்பை தள்ளுகிற வீடு எது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும், பெயர் வந்திருந்தால் கூட்டம் சண்டையாகியிருக்கும்.

அதன் பிறகுதான் காசு. தலைவர் மூன்று எண்களை மட்டும் சொன்னார்: மொத்தம் 288,000 ரூபாய், வீட்டுக்கு 12,000, மாதம் 4,000 படி மூன்று மாதம். வடிகானில் எவ்வளவு மணல் அடைத்திருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்லவில்லை. அன்று காலை குத்திப் பார்த்த தடியையே காட்டினார், பாதிக்கு மேல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மதிப்பீடு என் பையிலேயே இருந்தது, கேட்டவர்களுக்குப் பிறகு காட்டினேன்.

2007இல் ஸ்மோல், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் நன்கொடை பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் வாசித்தவர்கள், பஞ்சத்தின் புள்ளிவிவரங்களை மட்டும் வாசித்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை திரும்பக் குறைந்துபோனது. ஆனால் அது முன்பின் தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கும் தானம். இங்கே அயலவர்கள் சேர்ந்து ஒரு செலவை ஏற்கிறார்கள், தன் பங்கு எவ்வளவு, காசு யார் கையில் என்பது தெரியாமல் யாரும் கை தூக்கமாட்டார்கள். அதனால் எண்களை அடியோடு விடவும் முடியாது, கதைக்குப் பின்னால் நிறுத்தி, குறைத்துச் சொல்லலாம்.

எதிர்பார்த்த கேள்வி வரத்தான் செய்தது. மேட்டு வீட்டு ஐயா ஒருவர், "பள்ளத்தில இருக்கிற ஆக்களுக்குத்தானே கூட நன்மை?" என்றார். தலைவர் வாயைத் திறக்க முன்னமே பக்கத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார்: "அண்ணை, வெளியில போறதுக்கு எல்லாருக்கும் ஒரே வாசல்தானே." சமபங்கு என்று முடிவானது. காசை யார் வைத்திருப்பது என்று கேட்டார்கள், வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, பில்லெல்லாம் குழுவில் படமாகப் போடுவது என்று தீர்ந்தது. ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆறு தவணை.

சிக்கல் பூட்டிக் கிடக்கும் இரண்டு வீடுகள், உரிமையாளர்கள் கனடாவிலும் லண்டனிலும். அவர்களுக்கும் மதிப்பீடு அனுப்பவில்லை, அந்தத் தம்பியே வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். லண்டன்காரர் முழுப் பங்கையும் ஒரேயடியாக அனுப்பிவிட்டார். மற்றவரிடமிருந்து பதில் இல்லை, அவருடைய 12,000ஐச் சங்கச் சேமிப்பிலிருந்து எடுத்து, வரவேண்டிய கடன் என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.