சுருக்கிய இணைப்பின் ஏழு எழுத்து எங்கிருந்து வருகிறது?

பங்சார் சவுத்திலோ பாயான் லெப்பாசிலோ மென்பொருள் வேலைக்கு நேர்காணல் போனால், சிஸ்டம் டிசைன் சுற்றில் இந்தக் கேள்வி வரலாம்: நீண்ட இணைப்புகளைச் சுருக்கும் சேவையை வடிவமைத்துக் காட்டுங்கள். டேட்டாபேஸை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்று உடனே பலகையில் வரையத் தொடங்குவது அவசரக் குடுக்கைத்தனம். முதலில் கணக்கு.

நாளுக்கு 1 மில்லியன் புது இணைப்பு என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 12கூட வராது. ஐந்து வருடத்தில் சுமார் 1.8 பில்லியன் வரிசை. ஒன்றுக்கு 500 பைட் என்றால் 900 ஜிகாபைட். ஒரு நல்ல டேட்டாபேஸும் அதன் நகல் ஒன்றும் இதற்குப் போதும்.

உண்மையான சிக்கல், சுருக்கிய இணைப்பின் கடைசியில் நிற்கும் அந்த ஏழு எழுத்தை உருவாக்குவதில்தான். 0-9, a-z, A-Z சேர்த்து 62 குறிகள். ஏழு இடத்துக்கு 62^7, அதாவது 3.5 டிரில்லியன். முகவரியை ஹாஷ் செய்து முதல் ஏழு எழுத்தை எடுத்தால் இரண்டு முகவரிகள் ஒரே குறியீட்டில் மோதாது என்று இந்த எண்ணைப் பார்த்துத் தோன்றும். ஆனால் 2.2 மில்லியன் இணைப்பு சேரும்போதே எங்காவது இரண்டு மோதியிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நம் கணக்கில் அது மூன்றாம் நாள்.

ஒவ்வொரு இணைப்புக்கும் வரிசையாக ஓர் எண் கொடுக்கும் கவுண்டர் வைத்தால் மோதலே இல்லை. 10,00,000 என்ற எண்ணை 62-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 2, 9, 12, 4. திருப்பி எழுதினால் `4c92`. ஒவ்வொரு சர்வரும் ஆயிரம் எண்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சர்வர் விழுந்தால் மிச்ச எண்கள் வீண்தான், போகட்டும். குறை வேறு: கடைசி எழுத்தை மாற்றினால் அடுத்தவர் இணைப்பு திறந்துவிடும். எண்ணை ஒரு பெரிய எண்ணால் பெருக்கி 62^7-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் வரிசை கலையும். பெருக்கும் எண் 2-ஆலோ 31-ஆலோ வகுபடக் கூடாது. வகுபட்டால் இரண்டு எண்கள் ஒரே குறியீட்டில் வந்து விழும். இது கண்ணுக்கு மறைப்புதான், பூட்டு அல்ல.

சேமிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. MySQL வழக்கமாக `aB`, `Ab` இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். கவுண்டர் வைத்தும் டூப்ளிகேட் கீ பிழை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். `ascii_bin` என்று குறிப்பிட்டால் இரண்டும் வேறு வேறாகும்:

```sql
CREATE TABLE links (
  code VARCHAR(7) CHARACTER SET ascii
       COLLATE ascii_bin PRIMARY KEY,
  url  TEXT NOT NULL
);
```

பளு கூடுவது பெரும்பாலும் ஒரே இணைப்பால். தைப்பூசத்துக்கு முந்தைய மாலை, பத்துமலை ரயில் நேர அட்டவணையின் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது என்று வையுங்கள். டேட்டாபேஸைத் துண்டு போட்டாலும் அந்த வரிசை ஒரே துண்டில்தான் கிடக்கும். முன்னால் ஒரு கேஷ் இருந்தால்தான் தாங்கும். கேஷில் அது காலாவதியாகும் நொடியில் ஆயிரம் கோரிக்கை டேட்டாபேஸுக்குப் பாயும். ஒன்றை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைக் காக்க வைக்க வேண்டும்.

திருப்பி விடும்போது நிரந்தர மாற்றம் என்று சொல்லும் 301 அனுப்பினால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். உங்களுக்குப் பளு குறையும், ஆனால் கிளிக் எண்ணிக்கை தெரியாது. அட்டவணை மாறி நீங்கள் இலக்கைத் திருத்தினாலும், ஏற்கெனவே தட்டியவரின் கைப்பேசி பழைய பக்கத்துக்கே போகும். தற்காலிகம் என்று சொல்லும் 302 அனுப்புங்கள், திருத்தும்போது கேஷில் இருக்கும் பிரதியையும் அழித்துவிடுங்கள்.