பிப்ரவரி 21 மேடைப்பேச்சு: ‘விட’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் மதுரைப் பள்ளிகளில் தமிழாசிரியர் மேசையில் தாய்மொழி நாள் பேச்சுகள் வந்து குவியும். அப்பாவோ அக்காவோ எழுதிக் கொடுத்தவை சில, வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தவை பல. எழுத்துப்பிழை அவ்வளவாக இருக்காது. வேறொரு குறை இருக்கும்: தமிழைப் பற்றி ஒரு வரி என்றால், மற்ற மொழிகளை மட்டம் தட்ட இரண்டு வரி. அப்படிப்பட்ட வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை ஒரு மாதிரிப் பேச்சை வைத்தே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் இந்த நாளின் கதை. பேசப்போகும் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 1952 பிப்ரவரி 21 அன்று, அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியில் இருந்த டாக்காவில், வங்காள மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது, சிலர் இறந்தார்கள். உருது மட்டுமே அரசு மொழி என்ற நிலையை எதிர்த்துத்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் உருதுவை ஒழி என்று கேட்கவில்லை. வங்காளமும் ஓர் அரசு மொழியாக வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ‘உம்’ முக்கியம். 1956 அரசியலமைப்பில் உருது, வங்காளம் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. யுனெஸ்கோ 1999இல் இந்த நாளை அறிவித்தது, 2000 முதல் உலகம் கடைப்பிடிக்கிறது. வங்காளம் பேசிய மாணவர்கள் வாங்கித் தந்த நாளில் மேடையேறி, மற்ற மொழியெல்லாம் மொழியா என்று கேட்டால், கதை தெரிந்தவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

இனி மாதிரிப் பேச்சு. இந்த ஐந்து வரிகள் சொல் மாறியோ மாறாமலோ எல்லாப் பேச்சிலும் இருக்கும்:

“உலகின் முதல் மொழி தமிழ். தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தமிழ் பெற்ற பிள்ளைகள். வேறெந்த மொழியிலும் இல்லாத ழகரம் நமக்கு மட்டுமே உண்டு. பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலக்காத தூய மொழி நம் மொழி. நேற்று முளைத்த மொழிகள் நம்மை ஆளத் துடிக்கின்றன.”

முதல் வரியை அப்படியே அடித்துவிடலாம். உலகின் முதல் மொழி எது என்று காட்ட யாரிடமும் சான்று கிடையாது. எழுத்து தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரியில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. இவை ஒரே குடும்பத்து மொழிகள்தான். சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816இலும், நெல்லைச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் 1856இலும் இதை எழுதினார்கள். நாம் ‘மூன்று’ என்பதை மலையாளத்தில் ‘மூன்னு’, கன்னடத்தில் ‘மூரு’, தெலுங்கில் ‘மூடு’ என்பார்கள். உறவு காதிலேயே விழுகிறது. ஆனால் தாய், பிள்ளை என்ற உறவா? நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’. இந்தச் சொல்லின் பழைய முதல் ஒலி ககரம்தான். அது தமிழில் சகரமாகிவிட்டது, கன்னடம் பழையதை வைத்துக்கொண்டது. நம் ‘செய்’ அங்கே ‘கெய்’ என்று நிற்பதும் அப்படியே. தாயிடம் இல்லாத பழைய நகை பிள்ளை கழுத்தில் எப்படி வந்தது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் பேச்சாளர் என்ன சொல்வார்? எல்லாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவர்களில் மிகப் பழைய இலக்கியத்தைக் கையில் வைத்திருப்பது தமிழ். இப்படி எழுதினால் பெருமை ஒரு குன்றிமணியும் குறையாது, யாரும் மறுக்கவும் முடியாது.

மூன்றாவது, ழகரம். அதிகம் கைதட்டு வாங்கும் வரி இது, அதிகம் காலை வாருவதும் இதுதான். ழகரம் மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கோழிக்கோடு, ஆலப்புழா என்ற ஊர்ப் பெயர்களே போதும். பழைய கன்னட, தெலுங்குக் கல்வெட்டுகளிலும் அது உண்டு. இது போதாதென்று, நம் ஊர்ப் பேச்சில் மழை ‘மளை’யாகவும் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகவும் இருக்கிறது. ‘நமக்கு மட்டுமே உண்டு’ என்று முழங்கிவிட்டு அடுத்த மூச்சில் ‘தமிளன்’ என்று பிள்ளை சொன்னால் முன்வரிசை சிரித்துவிடும். தவறு பிள்ளையுடையது அல்ல, அந்த வரியை எழுதிக் கொடுத்தவருடையது.

ஆகவே அந்த இடத்தில் ‘மட்டுமே’யை எடுத்துவிட்டு, ழகரம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதுங்கள். நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழகரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஓர் ஒலிக்கு நாக்கு எங்கே போகிறது என்று உட்கார்ந்து கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள். இதைவிட என்ன பெருமை வேண்டும்? (பாருங்கள், ‘விட’ எனக்கே வந்துவிட்டது. மொழியோடு மொழியை ஒப்பிடாத வரை குற்றமில்லை.)

பயிற்சிக்கும் அந்தச் சூத்திரமே உதவும். ‘வருட’ என்பதுதான் சூட்சுமம். நுனி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் அது ளகரம் ஆகிவிடும். பிள்ளையை ‘ழ்’ என்று மூச்சு உள்ள வரை இழுக்கச் சொல்லுங்கள். நாக்கு எங்கும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றால் சரி. வந்ததும் ‘ஆழ்’, ‘வாழ்’ என்று சொல்லின் கடைசியில் வைத்துப் பழக்கி, அப்புறம் ‘மழை’, ‘கோழி’, ‘தமிழன்’ என்று நடுவுக்கு வரவேண்டும். நேராகத் ‘தமிழ்மொழி’யில் தொடங்கினால் இரண்டு ழகரமும் சேர்ந்து நாக்கைக் கட்டிவிடும். தினம் பத்து நிமிடம், ஒரு வாரம். முதல் நாள் இரவு மட்டும் பழகினால் மேடைப் பதற்றத்தில் பழைய ளகரமே வந்து நிற்கும்.

நான்காவது வரிக்கு மறுப்பு மேலூர்ப் பக்கமே இருக்கிறது. மாங்குளம் அருகே மீனாட்சிபுரம் மலைக்குகைகளில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையவை. தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. அதில் ஒன்று, நெடுஞ்செழியனைச் சேர்ந்த ஒருவர் சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. ‘நெடுஞ்சழியன்’ என்ற பாண்டியன் பெயருக்கு முன்னால் ‘தம்மம்’ என்ற பிராகிருதச் சொல்லும் அதே பாறையில், அதே எழுத்தில் நிற்கிறது. தொல்காப்பியமும் வடசொல்லைச் சொல் வகை நான்கில் ஒன்றாகவே எண்ணுகிறது. வடவெழுத்தை நீக்கித் தமிழ் ஒலிக்கு ஏற்றபடி எடுத்துக்கொள் என்று விதியும் தருகிறது. தேவைக்கு மிஞ்சிக் கலப்பதைக் குறைக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கலக்கவே இல்லை என்று சொன்னால்தான் பொய்.

ஐந்தாவது வரி வேறு ரகம். மொழித் திணிப்பைப் பற்றி மாணவர் பேசக்கூடாதா என்றால், தாராளமாகப் பேசலாம். 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒன்றே ஆட்சி மொழியாகிவிடும் என்று அஞ்சி, அதை எதிர்த்து மாணவர்கள் கிளம்பியபோது, அதற்கு முந்தைய நாள் மதுரைத் தெருக்களில்தான் கலவரம் மூண்டது. இந்த ஊர்ப் பிள்ளை அதைச் சொல்லாமல் யார் சொல்வது? கவனிக்கவேண்டியது வாக்கியத்தின் எழுவாயை. ‘மொழி ஆளத் துடிக்கிறது’ என்பது இலக்கணப்படி சரி, பொருள்படி தவறு. மொழி எதற்கும் துடிக்காது; சட்டம் போடுவது அரசு. எழுவாயில் மொழியோ அதைப் பேசும் மக்களோ நின்றால் அடித்துவிட்டு, சட்டம், ஆணை, அரசு என்று மாற்றுங்கள். பெரும்பாலும் வாக்கியம் தானே ஒழுங்காகிவிடும். அப்போதுதான், ஹோட்டலில் பரிமாறும் வடநாட்டுத் தம்பிக்கும் டாக்கா மாணவனுக்கும் உள்ள உறவு பேச்சாளருக்கே புரியும். அந்தத் தம்பியும் தன் தாய்மொழியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன்தான்.

மதுரையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ‘நம் எல்லாருக்கும் தாய்மொழி தமிழ்’ என்று தொடங்கும் பேச்சு, மகால் பகுதிப் பள்ளியில் முதல் வரியிலேயே பாதி வகுப்பை வெளியே நிறுத்திவிடலாம். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் உச்சரிப்புக்கு உதாரணமாகப் பெரியவர்கள் சொல்லும் டி.எம்.சௌந்தரராஜன் மதுரைக்காரர், அவர் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அப்படிப்பட்ட பிள்ளையே பேசுவதாக இருந்தால், ‘என் வீட்டு மொழி சௌராஷ்டிரம், என் ஊர் மொழி தமிழ்’ என்று தொடங்கட்டும். அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

இவ்வளவையும் சேர்த்துத் திருத்தினால் அந்த ஐந்து வரிகள் இப்படி வரும்:

“1952இல் இதே நாளில் டாக்காவில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த மாணவர்கள் தங்கள் மொழிக்காக உயிர் விட்டார்கள். அவர்கள் மொழி வங்காளம், என் மொழி தமிழ். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு மலையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ உளி பிடித்து எழுதியதில் பாண்டியன் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே வடக்கிலிருந்து வந்த ‘தம்மம்’ என்ற சொல்லும் இருக்கிறது. வந்த முனிவருக்குப் படுக்கை கொடுத்தார்கள், கூட வந்த சொல்லுக்கும் இடம் கொடுத்தார்கள். கன்னடத்துக்காரர் கிவி என்பார், நான் செவி என்பேன். இரண்டும் கேட்பதற்குத்தான்.”

மூன்று நிமிடத்துக்கு இருநூற்றைம்பது சொல் போதும். முந்நூற்றைம்பது எழுதினால் பிள்ளை ஓட ஆரம்பிக்கும், ஓட்டத்தில் முதலில் விழுவது ழகரம்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு. திருத்திய தாளை, வீட்டில் வேறு மொழி பேசும் வகுப்புத் தோழன் ஒருவனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவன் குரல் இறங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, மேலே படிக்கவிடுங்கள்.