ஹைப்போடென்ஸ்: எதைவிட அடர்வு குறைவு?

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. எடுக்கிற வேலை எனக்கு. படம் எடுப்பது நான், அதைப் படித்து எழுதுவது ரேடியாலஜி டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். போன சித்திரையில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்ற வலி, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள். கல்லும் இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் மகள் ரிப்போர்ட்டில் விரல் வைத்துக் காட்டியது வேறு வரியை.

"அண்ணே, கல்லீரல்ல ஹைப்போடென்ஸ் லீஷன் ரெண்டு இருக்குன்னு போட்டுருக்காக. கூகுள்ல பாத்தா என்னென்னமோ வருதுண்ணே."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

'ஹைப்போ' கிரேக்கம், கீழே, குறைவாக என்று பொருள். 'டென்ஸ்' லத்தீன் 'டென்சஸ்' என்பதிலிருந்து வந்தது, நெருக்கமான, அடர்ந்த. இரண்டு மொழிகளை ஒட்டவைத்த சொல். பூக்காரம்மாவிடம் "நல்லா நெருக்கமா கட்டித் தாங்க" என்று கேட்கிறோமே, அந்த நெருக்கம்தான் டென்சஸ். நம்மிடம் அதற்கு 'அடர்' என்ற வேர் இருக்கிறது. அடர்ந்த காடு, அடர்த்தியான முடி. ஆகவே ஹைப்போடென்ஸ் என்றால் 'அடர்வு குறைந்த' என்று மொழிபெயர்ப்பது தவறில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் மகளின் பயத்துக்குப் பதில் இருக்கிறது.

முதலில், எதைவிட அடர்வு குறைவு? அந்தச் சொல் அதைச் சொல்வதில்லை. சுற்றியிருப்பதைவிட என்பதே பொருள். கல்லீரலில் ஒரு இடம் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் அது ஹைப்போடென்ஸ். அந்த இடம் ஒரு தண்ணீர்க் கட்டி என்றால், அதே கட்டி கொழுப்பு மிகுந்த கல்லீரலில் இருந்தால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கொழுப்பு ஏற ஏற கல்லீரலும் கறுத்துத் தண்ணீரின் நிறத்துக்கு இறங்கிவிடும். கட்டி மாறவில்லை, பின்னணிதான் மாறியது. சொல் மட்டும் 'ஹைப்போ'விலிருந்து 'ஐசோ'வுக்கு, அதாவது சமத்துக்கு மாறிவிடும். இந்தச் சொல் நோயின் பெயர் அல்ல, நிற ஒப்பீட்டின் பெயர்.

இரண்டாவது, சி.டி. உண்மையில் அடர்த்தியை அளக்கிறதா? இல்லை. எக்ஸ்-கதிர் உடம்புக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது எவ்வளவு வலுக் குறைந்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு அட்டெனுவேஷன். அதன் வேர் லத்தீனில் 'டெனுயிஸ்', மெல்லியது. அதாவது மெலியச் செய்தல். தமிழில் மெல், மெலி, மெலிவு என்று அதே படம் அப்படியே கிடைக்கிறது. 'உறிஞ்சல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். திசுவில் கதிர் உறிஞ்சப்படுவதைவிட மோதித் திசைமாறிச் சிதறுவதுதான் அதிகம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'கதிர்மெலிவு' பொருந்தும். வழக்கமான சி.டி. கதிர் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்தாலே பாதியாக மெலிந்துவிடும். எலும்பென்றால் இன்னும் சீக்கிரம், காற்றென்றால் மெலிவே இல்லாத மாதிரி.

அந்த மெலிவை எண்ணாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனில் இருந்த ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் அவருடைய கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1979-இல் ஆலன் கோர்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அளவுகோல் எளிமையானது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. தண்ணீரைவிட 1 சதவீதம் அதிகமாகக் கதிரை மெலிய வைத்தால் 10, 1 சதவீதம் குறைவாக மெலிய வைத்தால் மைனஸ் 10. திரையில் HU என்று தெரிவது இந்த எண்தான். எண் கூடக் கூட வெள்ளை, குறையக் குறையக் கறுப்பு.

நல்ல கல்லீரல் 55, 60 சுமாருக்கு நிற்கும். தெளிந்த நீர்மம் 0-க்கும் 20-க்கும் இடையில். கொழுப்பு மைனஸ் 100 பக்கம். நுரையீரல் மைனஸ் 800 அளவில். இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. நம் ஊர்ப் பெயர்களிலேயே இந்த வரிசை இருக்கிறது: கல் ஈரல், நுரை ஈரல். கறிக்கடையில் வாங்கிய இரண்டையும் தண்ணீரில் போட்டால் ஒன்று மூழ்கும், மற்றது மிதக்கும். மைனஸ் 800 என்பது ஏறத்தாழ எட்டுப் பங்கு காற்றும் இரண்டு பங்கு திசுவும் கலந்த நுரையின் சராசரிதான். இந்தச் 'சராசரி'யை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சரி, எடை கூடினால் எண் கூடுகிறது, அப்போது அடர்த்தி என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கொழுப்பு தண்ணீரில் மிதப்பது. எண்ணும் தண்ணீருக்குக் கீழே. ஆனால் எலும்பைப் பாருங்கள். கெட்டியான எலும்பு தண்ணீரைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு கனம். எடை மட்டுமே கணக்கு என்றால் எண் 900 வர வேண்டும். வருவதோ 1000-ஐத் தாண்டி, சில இடங்களில் 1500 வரை. காரணம் கால்சியம். அணு எண் 20 உள்ள அது, கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களைவிடக் கதிரை அதிகம் பிடித்து வைக்கும். இன்னும் தெளிவான சாட்சி, நாங்கள் நரம்பில் செலுத்துகிற அயோடின் மருந்து. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 மில்லிகிராம் அயோடின் கலந்தால் ரத்தத்தின் கனம் 1 சதவீதம்கூட ஏறாது. எண் மட்டும் 250 சுமாருக்கு ஏறி, ரத்தக்குழாய் எலும்பு மாதிரி வெள்ளையாகிவிடும். அதை 'அடர்ந்த ரத்தம்' என்று யாராவது சொன்னால் பொருள் கெட்டுப் போகும். எதனால் ஆனது என்பதும் எவ்வளவு நெருக்கம் என்பதும் சேர்ந்ததே கதிர்மெலிவு.

மேலூர் அம்மாவின் படத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் அந்த மகளை அழைத்துப் போனேன். அவர் திரையில் பெரிய கறுப்பு வட்டத்தின் மேல் மௌஸால் சிறு வளையம் போட்டார். 2.4 சென்டிமீட்டர் அகலம், உள்ளே சராசரி 7. பக்கத்தில் கல்லீரலில் இன்னொரு வளையம்: 57. "இது 7. தண்ணி 0. அப்ப இதுக்குள்ள என்னம்மா இருக்கும்?" என்றார். மகள் மெதுவாக, "தண்ணியா சார்?" என்றார். உள்ளே ஒரே சீராக, ஓரம் மெல்லிசாக, தடுப்பு ஏதும் இல்லாமல் இருந்தது. சாதாரண நீர்க்கட்டி. பலருக்கு இருக்கும், வலி தராது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த இடம். நான்கு மில்லிமீட்டர் புள்ளி. வளையம் போட்டால் 37. தண்ணீர் இல்லை, கல்லீரலும் இல்லை. திடமான கட்டிக்கும் இப்படி எண் வரும். ரிப்போர்ட்டில் "தன்மை சொல்ல இயலாத அளவு சிறியது" என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வரிதான் மகளை ரொம்ப மிரட்டியிருந்தது.

நாங்கள் அந்தப் படத்தை 5 மில்லிமீட்டர் கனத் துண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு துண்டிலும் திரையில் வருவது அந்த 5 மில்லிமீட்டருக்குள் இருக்கிற எல்லாவற்றின் சராசரி. நான்கு மில்லிமீட்டர் நீர்க்கட்டி இரண்டு துண்டுகளுக்கு நடுவில் பாதிப் பாதியாக விழுந்தால், ஒரு துண்டில் 2 மில்லிமீட்டர் தண்ணீர், 3 மில்லிமீட்டர் கல்லீரல். ஐந்தில் இரண்டு பங்கு 7, ஐந்தில் மூன்று பங்கு 57. கூட்டினால் 2.8-ம் 34.2-ம், மொத்தம் 37. பாலும் தண்ணீரும் கலந்த டம்ளரைத் தூரத்திலிருந்து பார்த்து இரண்டும் அல்லாத ஏதோ ஒன்று என்று நினைப்பது மாதிரி. நுரையீரலின் மைனஸ் 800-க்கும் இதே கணக்குத்தான்.

கருவி சேமித்து வைத்திருந்த அதே தரவிலிருந்து, புதிதாகக் கதிர் கொடுக்காமல், 1 மில்லிமீட்டர் துண்டுகளாக மறுபடி உருவாக்கினேன். மெல்லிய துண்டில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் கூடும். அதனால் வளையத்துக்குள் எண்கள் மேலும் கீழும் துள்ளும், ஒரே ஒரு எண்ணை நம்ப முடியாது. நடுத் துண்டுகள் மூன்றில் அளந்தோம். 9, 14, 11. தண்ணீரின் வீட்டுக்குள் வந்துவிட்டது. டாக்டர் அதோடு விடவில்லை. மருந்து செலுத்தாத படம் இது. எண் ஒன்றை மட்டும் வைத்து இவ்வளவு சிறியதை முடிவு கட்ட முடியாது என்று சொல்லி, பக்கத்து அறையில் அல்ட்ராசவுண்டில் பார்த்தார். அதிலும் நீர்க்கட்டி மாதிரியே சுத்தக் கறுப்பு, பின்புறம் பளிச்சென்ற வெளிச்சம்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. திரை எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் காட்டாது. ஒரு 'ஜன்னல்' வைக்கிறோம். மூளைக்கு 0-இலிருந்து 80 வரை வைத்தால், கொழுப்பின் மைனஸ் 100-ம் காற்றின் மைனஸ் 1000-ம் ஒரே மை இருட்டு. தலையில் அடிபட்டவருக்கு உள்ளே காற்று புகுந்திருந்தால் அது எலும்பு உடைந்ததற்கு அடையாளம். கொழுப்பென்றால் கதை வேறு. ஜன்னலை அகட்டினால்தான் கொழுப்பு சாம்பலாகவும் காற்று கறுப்பாகவும் பிரியும். அதனால்தான் நிறத்தைச் சொல்லாமல் எண்ணைக் கேட்க வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். பாடநூலுக்குத் தாழடர்வு, சமவடர்வு, உயரடர்வு என்ற மூன்றும் போதும். அளவு பற்றிப் பேசும்போது கதிர்மெலிவு. 'மெலிவு குறைந்த' என்று நோயாளியிடம் சொன்னால் மெலிந்தது கதிரா கட்டியா என்று அவர் குழம்புவார், அதனால் அது வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகிற தாளில் "கல்லீரலைவிடக் கறுப்பாகத் தெரியும் பகுதி, எண் 7, தண்ணீரின் அளவு" என்று எழுதலாம் என்பது என் விருப்பம். 'லீஷன்' என்ற சொல்லுக்கும் வேர் லத்தீனில் காயம். அதைக் கேட்டதும் புண் என்றும் புற்று என்றும் மனசு ஓடுகிறது. 'பகுதி' என்றாலே போதும்.

அந்த மகள் போகும்போது ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் '7 - தண்ணி' என்று எழுதிக்கொண்டார். அம்மாவின் கல் 6 மில்லிமீட்டர், எண் 900-க்கு மேல், பளீர் வெள்ளை. யூராலஜி டாக்டரைப் பார்க்க அடுத்த நாள் காலையில் வரச் சொன்னார்கள்.