அறிவுரைக்குக் 'கள்' உண்டு, அட்வைசுக்கு 'எஸ்' கிடையாது

திருப்பூரிலும் கோவையிலும் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பு தொடங்கும் முன், அந்த வாரம் அவர்கள் கைப்பேசியில் அனுப்பிய குறுஞ்செய்திகளில் மூன்றை எழுதித் தரச் சொல்வேன். மின்னஞ்சலை யாராவது திருத்தியிருப்பார்கள். நின்றுகொண்டே தட்டிவிட்ட செய்தியில்தான் அவரவர் ஆங்கிலம் உள்ளபடி தெரியும். அந்தத் தாள்களில் அநேகமாக ஒவ்வொரு முறையும் மூன்று சொற்கள் தென்படும்: அட்வைசஸ், இன்ஃபர்மேஷன்ஸ், ஃபர்னிச்சர்ஸ். ஆங்கிலத்தின் இன்றைய பொதுவழக்கில் இந்த மூன்றுக்கும் பன்மை இல்லை.

இதை எழுதுபவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அதே ஆள் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது 'ரைஸ்' என்றுதான் எழுதுகிறார். 'ரைசஸ்' என்று எழுதுவதில்லை. ஏனென்றால் தமிழில் நாம் அரிசிகள் என்று சொல்வதில்லை. ஒரு படி அரிசி, இரண்டு மூட்டை அரிசி என்று அளவையைத்தான் எண்ணுகிறோம், அரிசியை எண்ணுவதில்லை. ஆனால் அறிவுரைகள், தகவல்கள், மரச்சாமான்கள் என்று தாராளமாகச் சொல்கிறோம். தமிழில் எங்கே 'கள்' ஒட்டுகிறதோ, அங்கே விரல் தானாக ஆங்கிலத்தில் ஓர் 'எஸ்' சேர்த்துவிடுகிறது. பிழை வருகிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே நான் வகுப்பில் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலக்காரருக்கு அட்வைஸ் என்பது அரிசி மாதிரி. அதைக் குவியலாகப் பார்க்கிறார். எண்ண வேண்டுமென்றால் ஒரு படி வேண்டும். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதில் அந்தப் படிதான் 'பீஸ்'.

இதில் தர்க்கம் தேடினால் கிடைக்காது. நாற்காலியையும் மேசையையும் கண்ணால் பார்த்து எண்ணலாமே, ஃபர்னிச்சரை ஏன் எண்ணக்கூடாது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. பிரெஞ்சு மொழியில் தகவல், மரச்சாமான் இரண்டுக்குமே பன்மை உண்டு. ஃபர்னிச்சர் என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்ததுதான்; அங்கே அதன் முதல் அர்த்தம் 'வழங்குதல்'. இன்ஃபர்மேஷன் என்பதும் 'தெரிவித்தல்' என்ற செயலின் பெயராக இருந்த சொல். வழங்குதல், தெரிவித்தல் என்று செயலாக நினைத்துப் பார்த்தால் அவற்றுக்குப் பன்மை ஒட்டாதது நமக்கும் இயல்பாகவே தோன்றும். என் மாணவர்களில் பலருக்கு விதியைவிட இந்த விளக்கம்தான் மனத்தில் நின்றது.

அண்மையில் திருத்திய ஒரு செய்தியைச் சொல்கிறேன். புதிய அலுவலகம் அமைக்கும் பொறுப்பில் இருந்த இளைஞர், வெளிநாட்டிலிருந்த தன் மேலாளருக்கு அனுப்பியது: "தேங்க்ஸ் ஃபார் யுவர் அட்வைசஸ். ஐ நீட் மெனி இன்ஃபர்மேஷன்ஸ். சிக்ஸ் ஃபர்னிச்சர்ஸ் ஹாவ் கம். தே ஆர் இன் த ஹால்."

முதல் வாக்கியத்துக்கு எளிய மருந்து போதும். 'எஸ்'ஸை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இரண்டாவதில் அது போதாது. 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதை 'இன்ஃபர்மேஷன்' ஆக்கிவிட்டு 'மெனி'யை அப்படியே விட்டால் பிழை இடம் மாறியிருக்கிறதே தவிர, போகவில்லை. 'மெனி' எண்ணுகிற பொருளுக்கு உரிய சொல். அதற்குப் பதில் 'மச்' போடு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் 'மச்' இயல்பாக ஒலிக்கும். இங்கே 'சம் மோர் இன்ஃபர்மேஷன்' என்பதே பொருத்தம். நான் பார்த்தவரை திருத்தத்தில் தவறவிடுவது இந்தச் சங்கிலியைத்தான். 'எஸ்' போனதும் அதோடு சேர்ந்து 'தீஸ்' 'திஸ்' ஆக வேண்டும், 'ஆர்' 'இஸ்' ஆக வேண்டும், 'தே' 'இட்' ஆக வேண்டும்.

மூன்றாவது வாக்கியம் இலக்கணத்தோடு நிற்கவில்லை. வந்திறங்கியவை ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஓர் அலமாரி. இளைஞர் எண்ணியது ஆறு. மேலாளரிடம் இருந்த பட்டியலிலோ மேசையும் நாற்காலிகளும் சேர்ந்து ஒரு செட். அலமாரியோடு இரண்டே வரிகள். 'சிக்ஸ் ஃபர்னிச்சர்ஸ்' என்று படித்ததும், நான்கு அதிகமாக வந்துவிட்டதா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஃபர்னிச்சர் என்ற சொல்லில் அலகு இல்லை. எதை ஒன்று என்று வைத்து எண்ணினோம் என்பது அதில் தெரியாது. 'சிக்ஸ் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்றால் ஓரளவு தெளிவு வரும். அப்போது எண்ணப்படுவது 'பீசஸ்' என்பதால் 'ஹாவ் கம்', 'தே ஆர்' இரண்டும் அப்படியே நிற்கலாம். அதைவிடவும் நல்லது, வந்ததைப் பெயர் சொல்லி எழுதுவது: ஒன் டேபிள், ஃபோர் சேர்ஸ், ஒன் கப்போர்ட்.

கைப்பேசிச் செய்தியில் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. சரியான தொடர்தான், ஆனால் நண்பருக்கு எழுதும்போது சற்று விறைப்பாக ஒலிக்கும். 'சம் அட்வைஸ்' போதும். பன்மை வந்தே தீர வேண்டுமென்றால் எண்ணக்கூடிய வேறு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இன்ஃபர்மேஷனுக்கு டீட்டெயில்ஸ், அட்வைசுக்கு டிப்ஸ் அல்லது சஜஷன்ஸ். இவற்றில் 'எஸ்' சரியானதே.

பாடம் கேட்ட மறுவாரம் வருகிற இரண்டாவது பிழை ஒன்று உண்டு. 'எஸ்' கூடாது என்று மனத்தில் பதிந்தவர் 'ஆன் அட்வைஸ்', 'ஆன் இன்ஃபர்மேஷன்' என்று எழுதத் தொடங்குவார். 'ஒரு தகவல்' என்ற தமிழ் அங்கே எட்டிப் பார்க்கிறது. 'ஒன்று' என்பதும் எண்ணிக்கைதானே. பன்மையாக எண்ண முடியாததை ஒருமையாகவும் எண்ண முடியாது. சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியைத் திறந்து, சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தின் 'யூ' இருந்தால் எண்ண இயலாதது, 'சி' இருந்தால் எண்ணக்கூடியது. இரண்டும் இருந்தால் பொருளைப் பொறுத்து மாறும். எக்ஸ்பீரியன்ஸ் அப்படிப்பட்டது. வேலை செய்து கிடைத்த பழக்கம் எண்ண இயலாதது. வாழ்க்கையில் நடந்த அனுபவங்களை எண்ணலாம்.

அட்வைசுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. என் வகுப்பில் கணக்குப் பிரிவிலிருந்து வருபவர்கள் அதைச் சரியாகவே கேட்பார்கள். கணக்கில் பணம் வரவு வைத்ததற்கு வங்கி அனுப்பும் சீட்டு 'கிரெடிட் அட்வைஸ்'. அது ஓர் ஆவணம், அதை எண்ணலாம். 'டூ கிரெடிட் அட்வைசஸ்' என்று எழுதுவது தவறில்லை. பழைய ஆங்கிலச் செய்தித்தாள்கள்கூட வெளியூரிலிருந்து வந்த செய்திகளை 'அட்வைசஸ்' என்றே குறித்தன. இப்படி அகராதியில் இடம் பிடித்திருக்கிற சொல் என்பதால், நண்பருக்கு எழுதும் செய்தியில் அதைத் தவறாகப் போட்டாலும் திரையில் சிவப்புக் கோடு வராமல் போகலாம். அதனால் இந்தச் சொல்லை மட்டும், அனுப்பும் முன் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.